மைல்கல் தள்ளிப்போகிறது: ஸ்பான்சருக்கு எழுதும் மெயிலில் எந்த வழியைப் பரிந்துரைப்பது?

தாமதமான மைல்கல்லைப் பற்றி, திட்டத்தின் பெரிய முடிவுகளை எடுக்கும் ஸ்பான்சருக்குப் போகும் எஸ்கலேஷன் மெயில்களில் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கும்: தேதியைத் தள்ளலாம், ஆள் கூட்டலாம், வேலையைக் குறைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தேதி எழுதியிருக்கும். படிக்கிற ஸ்பான்சர் எந்தத் தேதி முன்னால் வருகிறதோ அதையே எடுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க மெயிலில் வேறு எதுவும் இல்லையே.

தேதியைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு என்பது என் எண்ணம். இந்த வழி சரிவராமல் போனால், அது நமக்கு எப்போது தெரியும்? தெரியும்போது வேறு வழிக்கு மாற நாள் மிச்சமிருக்குமா? இந்த இரண்டையும் வைத்து ஒப்பிட்டால், முந்திய தேதியைக் காட்டும் வழி பல நேரம் மோசமான வழியாகத் தெரியும். நாள் கணக்கோடு ஒரு எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று பொது விடுமுறைகளைச் சேர்க்கவில்லை; உண்மையான திட்டத்தில் சேர்க்கத்தான் வேண்டும்.

ஒரு சந்தாச் சேவை நிறுவனம் பழைய பில்லிங் மென்பொருளை விட்டுப் புதியதற்கு மாறுகிறது. வாடிக்கையாளர் கணக்குகள் 1,20,000. தரவு இடமாற்ற ஒத்திகை முடிந்து, பழையதிலும் புதியதிலும் ஒவ்வொரு கணக்கின் நிலுவையும் ஒத்துப்போகிறது என்று நிதிப் பிரிவு கையெழுத்திட வேண்டும். அதுதான் மைல்கல். தேதி மார்ச் 14. அதிகபட்சம் 120 கணக்குகள் வரை பொருந்தாமல் இருக்கலாம் என்று முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கையெழுத்து விழுந்ததும் நான்கு வாரம் பயனர் ஏற்புச் சோதனை, அதாவது யுஏடி. அப்புறம் இரண்டு வாரம் இறுதி ஒத்திகை. மே 1 அன்று கோ-லைவ், அதாவது புதியதில் உண்மையான பில் போடத் தொடங்குவது. ஏப்ரல் 28, 29, 30 என்று கையில் இருக்கும் இடைவெளி மூன்று வேலை நாள் மட்டுமே.

பில்லிங் என்பதால் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மாதத்தின் நடுவில் மென்பொருளை மாற்ற முடியாது. ஒரு மாதத்தின் பாதியை இங்கேயும் மீதியை அங்கேயும் கணக்கிட்டால் யாராலும் சரிபார்க்க இயலாது. ஆகவே கோ-லைவ் என்றால் மாதத்தின் முதல் தேதிதான். மே 1-ஐ ஒரு நாள் தவறவிட்டால் அடுத்தது மே 2 அல்ல, ஜூன் 1. பழைய மென்பொருளின் பராமரிப்பு ஒப்பந்தம் ஜூன் 30-இல் முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் மூன்று மாதத்துக்கு மொத்தமாக எடுக்க வேண்டும். ஒரு மாதம் முன்பே சொல்லவும் வேண்டும்.

மார்ச் 4-இல் ஒத்திகை முடிவு வந்தது. 8,400 கணக்குகள் பொருந்தவில்லை. அனுமதித்த 120 எங்கே, 8,400 எங்கே!

எண்ணிக்கையைப் பார்த்த பதற்றத்தில் அன்றே எஸ்கலேட் செய்துவிடத் தோன்றும். ஆனால் 8,400 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்பான்சரால் எந்த முடிவும் எடுக்க முடியாது. இரண்டு நாள் உட்கார்ந்து காரணவாரியாகப் பிரித்தால் படம் மாறுகிறது. 6,900 கணக்குகளுக்குக் காரணம் ஒன்றே. மாத நடுவில் திட்டம் மாற்றிய வாடிக்கையாளர்களுக்குப் பழைய மென்பொருள் இரண்டு வரி எழுதும்: பழைய திட்டத்தின் மிச்ச நாட்களுக்கான கழிவு ஒரு வரி, புதிய திட்டத்தின் கட்டணம் இன்னொரு வரி. இடமாற்ற நிரல் இரண்டாவது வரியை மட்டும் படித்திருக்கிறது. திருத்த ஐந்து வேலை நாள் போதும், புரோகிராமர்களே பார்த்துக்கொள்வார்கள். ஸ்பான்சருக்கு இதில் வேலையே இல்லை.

சிக்கல் மீதி 1,500 கணக்குகளில் இருக்கிறது. அவற்றில் பல ஆண்டுகளாகக் கையால் போட்ட கிரெடிட் நோட்டுகள் உண்டு. எந்த இன்வாய்ஸுக்கான கழிவு என்று குறிப்பிடாமலே போடப் பழைய மென்பொருள் விட்டுவிட்டது. புதியது இன்வாய்ஸ் எண் இல்லாமல் ஏற்காது; தொகையைத் தனியே ஒதுக்கி வைத்துவிடுகிறது. அதனால் நிலுவை உதைக்கிறது. இதற்கு நிரல் எழுத முடியாது. ஒருவர் உட்கார்ந்து, நோட்டின் குறிப்பையும் பழைய கடிதங்களையும் பார்த்து, எந்த இன்வாய்ஸோடு சேர்ப்பது என்று தீர்மானிக்க வேண்டும். அந்த விவரம் தெரிந்தவர்கள் நிதிப் பிரிவில் மூன்றே பேர். திட்டத்துக்கு அவர்கள் அரை நாள் கணக்கில்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள்.

60 கணக்குகளைக் குலுக்கலில் எடுத்துச் செய்து பார்த்ததில் 10 மணி நேரம் ஆனது, சராசரி 10 நிமிடம். 1,500 கணக்குகளுக்கு 250 மணி நேரம். கூட்டம், தொலைபேசி எல்லாம் போக ஒருவர் ஒரு நாளில் ஆறு மணி நேரம் இதில் உட்கார முடியும் என்றால் சுமார் 42 ஆள்நாள். இந்த 42-தான் மெயிலின் மையம். எல்லா வழிகளும் இதிலிருந்தே பிரிகின்றன.

முதல் வழி: இப்படியே போவது

இதை ஒரு வழியாகவே பலர் எழுதுவதில்லை. எழுத வேண்டும், ஏனென்றால் ஸ்பான்சர் பதில் சொல்லாவிட்டால் நடக்கப்போவது இதுதான். மூன்று பேர் அரை நாள் வீதம் என்றால் நாளுக்கு ஒன்றரை ஆள். 42 ஆள்நாளுக்கு 28 வேலை நாள் ஆகும். மார்ச் 11-இல் தொடங்கினால் ஏப்ரல் 17-இல் முடியும். மறு ஒத்திகைக்கு இரண்டு நாள் சேர்த்தால் ஏப்ரல் 21. மைல்கல் 26 வேலை நாள் தள்ளிப்போகிறது.

அதன் பின் யுஏடி மே 19 வரை, இறுதி ஒத்திகை ஜூன் 2 வரை. ஜூன் 1-ஐ ஒரு வேலை நாளில் கோட்டைவிடுகிறோம். கோ-லைவ் ஜூலை 1-க்குப் போய்விடுகிறது. "ஒரு நாள்தானே, சோதனையில் எங்கேயாவது சுருக்கிக்கொள்ளலாம்" என்று கூட்டத்தில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். சுருக்கலாம்தான். ஆனால் இப்போதுதான் 26 நாள் சறுக்கிய ஒரு திட்டத்தில், இடைவெளி பூஜ்யம் என்று வைத்து ஜூன் 1-ஐ வாக்குக் கொடுப்பது எந்த நம்பிக்கையில்? ஜூலை 1 என்றே கணக்கிட வேண்டும். அப்படியானால் பழைய ஒப்பந்தம் முந்தைய நாள் முடிந்திருக்கும். பிரச்சினை வந்தால் திரும்பிப் போக இடமில்லை. எனவே மூன்று மாத நீட்டிப்பும் வாங்கியாக வேண்டும். எட்டு பேர் கொண்ட திட்டக் குழு இரண்டு மாதம் கூடுதலாக இருக்கும், சுமார் 340 ஆள்நாள்.

இரண்டாவது வழி: மூன்று பேரையும் முழு நேரம் கேட்பது

42-ஐ மூன்றால் வகுத்தால் 14 வேலை நாள். மார்ச் 11 முதல் 28 வரை. மறு ஒத்திகை முடிந்து ஏப்ரல் 1-இல் கையெழுத்து. யுஏடி ஏப்ரல் 29 வரை, இறுதி ஒத்திகை மே 13 வரை. மே 1 போச்சு, கோ-லைவ் ஜூன் 1. ஆனால் மே 14 முதல் 30 வரை 13 வேலை நாள் இடைவெளி கிடைக்கிறது. பழைய ஒப்பந்தத்திலும் ஒரு மாதம் மிச்சம் இருக்கிறது, நீட்டிப்பு தேவையில்லை.

விலை என்ன? மூன்று பேரின் மறுபாதி நேரம், அதாவது 21 ஆள்நாள், நிதிப் பிரிவின் அன்றாட வேலையிலிருந்து போகிறது. அந்த மூன்று வாரமும் பாக்கி வசூல் பின்தொடரல் கிட்டத்தட்ட நின்றுவிடும். திட்டக் குழுவின் ஒரு மாத நீட்டிப்பு சுமார் 170 ஆள்நாள். இந்த 170-ஐ மறைத்துவிட்டு "21 ஆள்நாள் போதும்" என்று எழுதுகிற மெயில்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த மாதச் செலவு அறிக்கையில் அது வெளிவரும்போது, முதல் மெயிலில் இருந்த சரியான எண்களையும் ஸ்பான்சர் சந்தேகிக்கத் தொடங்குவார்.

மூன்றாவது வழி: பிரித்து மாற்றுவது

பொருந்துகிற 1,18,500 கணக்குகளை மே 1-இல் புதியதற்கு மாற்றுவது. 1,500 மட்டும் பழையதிலேயே இருக்கட்டும், பிறகு பார்க்கலாம். நிரல் திருத்தம் மார்ச் 13-இல் முடியும், மறு ஒத்திகை 17-இல் முடியும். மைல்கல் தள்ளுவது ஒரே ஒரு வேலை நாள். மே 1 நிற்கிறது, இரண்டு நாள் இடைவெளியும் மிச்சம். மெயிலில் இதைப் பார்க்கிற ஸ்பான்சருக்கு வேறு வழி எதற்கு என்றுதான் தோன்றும்.

எனக்கும் முதல் பார்வையில் பிடித்தது இதுதான். உள்ளே போனால் மூன்று இடத்தில் இடறுகிறது.

முதலாவது, எண்ணிக்கையில் 1,500 என்பது 1.25 சதவீதம்தான். ஆனால் கையால் கிரெடிட் நோட்டு போடும் அளவுக்குப் பேசித் தீர்த்துக்கொள்ளும் வாடிக்கையாளர்கள் யார்? பழையவர்கள், பெரியவர்கள். மாத பில்லிங் தொகையில் பார்த்தால் அந்த 1,500 பேரின் பங்கு 11 சதவீதம். தரவு இடமாற்றத்தில் விடுபட்டதை எண்ணிக்கையில் மட்டும் சொல்வது ஏமாற்றும். தொகையையும் சேர்த்துச் சொன்னால்தான் விஷயம் புரியும். வருமானத்தின் 11 சதவீதம் இன்னொரு மென்பொருளில் இருக்கும்போது மாத அறிக்கையைக் கையால் ஒட்டித்தான் தயாரிக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் இரண்டு திரைகளைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். வருகிற பணம் யாருடையது என்று பார்த்து இரண்டில் ஒன்றுக்கு அனுப்பும் நிரல் ஒன்றும் புதிதாக எழுத வேண்டும். இருவருக்கு எட்டு நாள். அதை எழுதப்போகிறவர்கள் யுஏடியில் வரும் பிழைகளைத் திருத்த வேண்டிய அதே இருவர்.

இரண்டாவது, யுஏடியில் சோதிக்கப்படுவது சுலபமான கணக்குகளாகவே இருக்கும். சிக்கலான கணக்குகள் முதல் தடவை புதிய மென்பொருளைப் பார்ப்பது, அது உண்மையான பில் போட்டுக்கொண்டிருக்கும்போது.

மூன்றாவதுதான் தீர்மானிக்கிறது. 1,500 எப்போது மாறும்? யுஏடியில் சோதிக்க வேண்டியவர்களும் அதே மூன்று நிதி ஆட்கள். திட்டத்துக்கு இருக்கும் அரை நாளை யுஏடி எடுத்துக்கொள்ளும். கிரெடிட் நோட்டு வேலை ஏப்ரல் 15-இல்தான் தொடங்க முடியும். அரை நேரத்தில் 28 நாள் என்றால் மே 22, மறு ஒத்திகையோடு மே 26. ஜூன் 1-க்கு முன் அவற்றைச் சோதிக்க மிச்சமிருப்பது நான்கு நாள். நம்பக்கூடிய தேதி ஜூலை 1. அதாவது பழைய ஒப்பந்தத்தின் மூன்று மாத நீட்டிப்பு இங்கேயும் வந்துவிடுகிறது. மே, ஜூன் இரண்டு மாதமும் பாதிக் குழுவை வைத்திருக்க வேண்டும். அதுவும் சுமார் 170 ஆள்நாள்தான். ஆக, தேதியைக் காப்பாற்றும் வழி என்று வந்தது, இரண்டாவது வழியின் செலவையும் முதல் வழியின் ஒப்பந்த நீட்டிப்பையும் சேர்த்துக் கேட்கிறது.

இன்னும் இரண்டு யோசனைகள் உண்டு, அவற்றை வழி என்று எண் போட்டு எழுத மாட்டேன். வெளியிலிருந்து தற்காலிக ஆட்களை எடுப்பது ஒன்று. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் அந்த மூன்று பேர்தான். முதல் வாரம் வேகம் கூடாது, குறையும். வேலையே மூன்று வாரம் எனும்போது அதில் ஒரு வாரத்தைப் பாடம் நடத்தக் கொடுக்க முடியாது. மற்றொன்று, யுஏடியை மார்ச் 18-இலேயே தொடங்கிவிட்டு, பக்கத்திலேயே கிரெடிட் நோட்டு வேலையையும் முடித்து, ஏப்ரலில் இரண்டையும் சேர்ப்பது. கேன்ட் சார்ட்டில் பட்டைகள் அழகாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், மே 1-உம் கிடைக்கும். ஆனால் கிரெடிட் நோட்டுக்கு முழு நாள், யுஏடிக்கு அரை நாள் என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு நாளில் ஒன்றரை நாள் வேலை. பணிகளைச் சங்கிலியாகப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. ஆள்வாரியாகக் கூட்டிப் பார்த்தால் உடனே தெரியும்.

இப்போது அந்த இரண்டு கேள்விகளுக்கு வருவோம். முதல் வழி சறுக்கினால் ஏப்ரல் நடுவில் தெரியும். அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. மூன்றாவது வழியின் உண்மையான சோதனை மே 1-க்குப் பிறகுதான், வாடிக்கையாளரின் பில்லில் நடக்கும். 1,18,500 கணக்குகளைப் புதியதில் ஒரு மாதம் ஓட்டிய பிறகு பின்வாங்குவது நடக்கிற காரியமல்ல.

இரண்டாவது வழி சறுக்கினால் ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும். மூன்று பேர், நாளுக்கு ஆறு மணி நேரம், மணிக்கு ஆறு கணக்கு. மார்ச் 18 மாலை ஆறு வேலை நாள் முடியும்போது 648 கணக்குகள் தீர்ந்திருக்க வேண்டும். 400 மட்டுமே தீர்ந்திருந்தால், அந்த வேகத்தில் மொத்த வேலை 22 அல்லது 23 நாள் எடுக்கும். 13 நாள் இடைவெளியில் நாலைந்துதான் மிஞ்சும். 400-க்கும் கீழே போனால் ஜூன் 1-ஐ மறுபடி பேச வேண்டும். பேச அப்போது நாளும் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சோதித்துப் பார்த்த 60 கணக்குகளில் 40 ஐந்தே நிமிடத்தில் முடிந்தன. 20 மட்டும் தலா இருபது நிமிடம் இழுத்தன. சராசரி 10 என்பதற்குள் இப்படி இரண்டு வகை ஒளிந்திருக்கிறது. ஆட்களை அவர்கள் போக்கில் விட்டால் சுலபமானதையே முதலில் எடுப்பார்கள், மனித இயல்பு. மார்ச் 18-இல் ஆயிரத்துக்கும் மேல் முடிந்திருக்கும், எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள், கடைசி வாரத்தில் எல்லாம் நின்றுவிடும். ஆகவே 1,500-ஐயும் குலுக்கிப் போட்ட வரிசையில்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான் 648 என்ற எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

இத்தனையையும் மெயிலில் கொட்ட வேண்டியதில்லை. பிரின்ஸ்2 என்ற திட்ட மேலாண்மை முறையில் இதற்கு விதிவிலக்கு அறிக்கை என்று ஒன்றே உண்டு: காரணம், விளைவு, வழிகள், பரிந்துரை, கற்ற பாடம். அனுமதித்த வரம்பைத் தாண்டப்போகிறோம் என்று கணிப்பு காட்டியவுடனே அதை எழுத வேண்டும் என்பதும் அதில் உள்ள விதி. மைல்கல் தவறிய பிறகு அல்ல. மெயிலில் நான் அந்த வரிசையைத் தலைகீழாக்குவேன். என்ன முடிவு வேண்டும், எப்போதுக்குள் என்பது முதல் இரண்டு வரியில் வந்துவிட வேண்டும். போனில் படிப்பவர் அதற்கு மேல் உருட்டுவார் என்று உத்தரவாதமில்லை. மார்ச் 7, வெள்ளிக்கிழமை அனுப்பும் மெயில் இப்படி இருக்கலாம்:

> பொருள்: முடிவு தேவை, மார்ச் 10 மாலைக்குள் – பில்லிங் மாற்றம், கோ-லைவ் மே 1-லிருந்து ஜூன் 1-க்கு
>
> வணக்கம் மேடம்,
>
> நிதிப் பிரிவில் உள்ள மூன்று பேரை மார்ச் 11 முதல் 28 வரை முழு நேரம் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கவும், கோ-லைவை ஜூன் 1-க்கு மாற்றவும் உங்கள் ஒப்புதல் வேண்டும். திங்கள் (மார்ச் 10) மாலைக்குள் தெரிந்தால் மறுநாளே தொடங்கிவிடலாம்.
>
> மார்ச் 14-இல் முடிய வேண்டிய தரவுச் சரிபார்ப்பு முடியாது. ஒத்திகையில் 8,400 கணக்குகள் பொருந்தவில்லை. அவற்றில் 6,900-க்கு ஒரே காரணம், திருத்தம் இன்று தொடங்கிவிட்டது. மீதி 1,500-இல் இன்வாய்ஸ் எண் இல்லாத கிரெடிட் நோட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றையும் ஆள் பார்த்துத்தான் தீர்க்க முடியும். வேலை 42 ஆள்நாள். இந்த 1,500 கணக்குகள் மாத பில்லிங் தொகையில் 11%.
>
> வழி 1, இப்போதுள்ள அரை நேர ஒதுக்கீட்டில் தொடர்வது: கோ-லைவ் ஜூலை 1. குழுவுக்கு இரண்டு மாதம் கூடுதல் (340 ஆள்நாள்), பழைய மென்பொருளுக்கு மூன்று மாத நீட்டிப்பு. பதில் தாமதமானால் நாம் இருப்பது இந்த வழியில்.
>
> வழி 2, மூன்று பேர் முழு நேரம்: கோ-லைவ் ஜூன் 1, இடைவெளி 13 வேலை நாள். நிதிப் பிரிவிலிருந்து 21 ஆள்நாள், குழுவுக்கு ஒரு மாதம் கூடுதல் (170 ஆள்நாள்). மார்ச்சில் பாக்கி வசூல் பின்தொடரல் மூன்று வாரம் கிட்டத்தட்ட நின்றுவிடும். நீட்டிப்பு தேவையில்லை.
>
> வழி 3, 1,500-ஐ விட்டுவிட்டு மற்றவை மே 1-இல்: மே 1 நிற்கும், இடைவெளி 2 நாள். 1,500-உம் மாறுவது ஜூலை 1. அதுவரை இரண்டு மென்பொருளும் ஓட வேண்டும். பாதிக் குழு இரண்டு மாதம் (170 ஆள்நாள்), பணம் பிரிக்கும் நிரலுக்கு 16 ஆள்நாள், மூன்று மாத நீட்டிப்பு. மே 1-க்குப் பிறகு பின்வாங்க முடியாது.
>
> என் பரிந்துரை வழி 2. மார்ச் 18 மாலை 648 கணக்குகள் தீர்ந்திருக்க வேண்டும். 400-க்குக் கீழே இருந்தால் மறுநாள் காலை உங்களிடம் வருவேன்.
>
> மே 1 என்று வெளியே யாருக்காவது வாக்குக் கொடுத்திருந்தாலோ, சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ அந்தத் தேதி கட்டாயம் என்றாலோ சொல்லுங்கள். அப்படியானால் என் பரிந்துரை வழி 3. அதற்கும் திங்களே முடிவு தேவை.
>
> நிதிப் பிரிவுத் தலைவரிடம் இன்று பேசிவிட்டேன். ஆட்களை விடுவதில் அவருக்குள்ள கவலை பாக்கி வசூல் பற்றியது. அதை நீங்கள் இருவரும் பேசுவது நல்லது.

இதில் நான் அதிகம் யோசிப்பது கடைசிக்கு முந்தைய பத்தியைப் பற்றித்தான். பரிந்துரை எந்த நிலையில் மாறும் என்று எழுதினால் உறுதியில்லாதவராகத் தெரிவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். ஆனால் மே 1-ஐப் பற்றி நிர்வாகக் குழுவில் ஸ்பான்சர் என்ன சொல்லி வைத்திருக்கிறார் என்பது ப்ராஜெக்ட் மேனேஜருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அந்தத் தகவல் அவரிடம் மட்டுமே இருக்கிறது, அது வழியையே மாற்றிவிடும். கேட்காமல் விட்டால் அவர் "மூன்று" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போடுவார். ஏன் என்று நமக்குத் தெரியவே தெரியாது.

கடைசிப் பத்தி மரியாதைக்காக எழுதியதல்ல. தன் ஆட்களைக் கேட்கிறார்கள் என்பதை நிதிப் பிரிவுத் தலைவர் சிசியில் பார்த்துத் தெரிந்துகொண்டால், அவர் முதலில் செய்யப்போவது 42 ஆள்நாள் என்ற எண்ணை உடைப்பது. அப்புறம் வாதம் வழிகளைப் பற்றி இருக்காது, எண்ணைப் பற்றியே சுற்றும். அதே காரணத்துக்காகத்தான் "நிதிப் பிரிவு போதிய ஆள் தரவில்லை" என்ற வாக்கியம் மெயிலில் எங்கும் இல்லை. அரை நேரம் என்பது திட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒதுக்கீடு. அந்த ஒதுக்கீட்டில் என்ன தேதி வரும் என்பதை முதல் வழி சொல்லிவிடுகிறது, அது போதும்.

இந்த மெயிலுக்கு மிக அதிகம் வரக்கூடிய பதில் 1-உம் இல்லை, 2-உம் இல்லை, 3-உம் இல்லை. "வழி 2-ஐச் செய்யுங்கள், ஆனால் மே 1-ஐ மாற்ற வேண்டாம்" என்பதுதான். அதற்கு நீண்ட விளக்கம் எழுத வேண்டாம், "முயற்சி செய்கிறோம்" என்றும் எழுத வேண்டாம். அந்தச் சொல்லை அவர் ஒப்புதலாகவே படிப்பார். ஆள்வாரிக் கணக்கை மட்டும் திருப்பி அனுப்பலாம்: மே 1 வேண்டுமானால் யுஏடி மார்ச் 18-இல் தொடங்க வேண்டும், மார்ச் 18 முதல் 28 வரை அந்த மூன்று பேருக்கும் நாளுக்கு ஒன்றரை நாள் வேலை விழுகிறது, கிரெடிட் நோட்டா யுஏடியா, எதை நிறுத்தட்டும்? கிரெடிட் நோட்டை நிறுத்தச் சொன்னால் அவர் தேர்ந்தெடுத்தது வழி 3. யுஏடியை நிறுத்தச் சொன்னால் வழி 2, தேதி ஜூன் 1. எதுவானாலும் அதை முடிவுப் பதிவேட்டில் அவர் பெயரோடும் தேதியோடும் ஏற்றிவிட்டு, புதிய அடிப்படைத் திட்டத்தை அன்றே வெளியிட வேண்டும்.